செலுத்துச் சீட்டுகளில் ஒன்றும் ஏழும், பெள்ளியும் பௌளியும்: கையெழுத்துப் பெயர்களையும் தொகைகளையும் பிழையின்றி எடுப்பது எப்படி?

ஹட்டி எழுத்தர் (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் ஒரு சிறிய சிக்கன நாணயச் சங்கத்தின் கணக்குகளைக் கணினிக்கு மாற்றும் பணியில் இருக்கிறேன். உறுப்பினர்கள் கையால் நிரப்பிய பணம் செலுத்தும் சீட்டுகளை ஸ்கேன் செய்து, அவற்றிலிருந்து பெயர், உறுப்பினர் எண், தொகை ஆகிய மூன்றையும் எடுத்து, அன்றன்றைய ரொக்கப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். கட்டங்களைத் தனித்தனியாக வெட்டி, எண்களைப் படிக்க ஒரு கணினி மாதிரியையும் தமிழ் எழுத்துகளைப் படிக்க இன்னொரு மாதிரியையும் பயன்படுத்துகிறோம். முதலில் Tesseract என்ற எழுத்துணரி மென்பொருளின் `tam` கோப்பை முயன்றோம். அது அச்செழுத்துக்குப் பழக்கப்பட்டது என்பதால் கையெழுத்தில் எதற்கும் உதவவில்லை.

இப்போதுள்ள சிக்கலைச் சொல்கிறேன். ஒரு நாளின் 160 சீட்டுகளைக் கூட்டினால் எங்களுக்கு 3,87,650 ரூபாய் வருகிறது. காசாளர் எழுதிய ரொக்கப் புத்தகத்தில் 3,86,450 ரூபாய்தான் இருக்கிறது. 1,200 ரூபாய் கூடுதலாக நிற்கிறது. கண்ணால் தேடியதில் 1,100 என்பதை 1,700 என்று படித்த ஒரு சீட்டு அகப்பட்டது. மீதி 600 ரூபாய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் 160 தாள்களையும் புரட்டுவதென்றால் கணினி எதற்கு என்று செயலாளர் கேட்கிறார், அந்தக் கேள்வியும் நியாயம்தான்.

பெயர்களிலும் தொல்லை இருக்கிறது. பெள்ளி என்ற பெயர் எங்கள் பகுதியில் ஏராளம். அது பாதிச் சீட்டுகளில் "பௌளி" என்று வெளிவருகிறது. சிலர் தாளின் தலைப்பில் பிள்ளையார் சுழி போடுகிறார்கள். அது உறுப்பினர் எண் கட்டத்தின் ஓரத்தில் விழுந்துவிட்டால், எண்ணுக்கு முன்னால் ஒரு 2 முளைத்துவிடுகிறது. சிரிப்பாக இருந்தாலும் அந்த எண்ணில் வேறொரு உறுப்பினர் உண்மையிலேயே இருந்துவிட்டால் சிரிக்க முடியாது.

ஓய்வுபெற்ற காசாளர் (உதகை)

தம்பி, முப்பது ஆண்டுகள் கவுண்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வித்தியாசம் வந்தால் முதலில் அதை ஒன்பதால் வகுத்துப் பார்க்க வேண்டும். மீதியின்றி வகுபட்டால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 1,200 ஒன்பதால் வகுபடாது, ஆகவே இடமாற்றம் இல்லை. அடுத்து வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். 600 ரூபாய்க்கு ஏதாவது ஒரு சீட்டு பற்றுப் பக்கம் போக வேண்டியது வரவுப் பக்கம் வந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

கூட்டுத்தொகை சரியாகிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது, அதற்கு மேல் ஒவ்வொரு சீட்டையும் சந்தேகிக்கத் தேவையில்லை. இலக்கத்தில் ஒன்றும் எழுத்தில் ஒன்றும் இருந்தால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்பது சட்டம். அதை நிரலில் எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஏழடி இலை (மஞ்சூர்)

எங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. பச்சைத் தேயிலை கொடுக்கும் சிறு விவசாயிகளின் எடைச் சீட்டுகளில் 14.5 என்பது 145 ஆகிவிடுகிறது. புள்ளியைக் கணினி பார்ப்பதே இல்லை. நீங்கள் எந்த எடைக் கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும். சீட்டையே அது அச்சிட்டுக் கொடுத்துவிட்டால் கையெழுத்தைப் படிக்க வேண்டிய அவசியமே வராதே?

ஹட்டி எழுத்தர்

அண்ணா, எங்களிடம் எடை எதுவும் இல்லை, இது பணச் சீட்டு. ஆயினும் புள்ளி பற்றி நீங்கள் சொன்னது எங்களுக்கும் பொருந்துகிறது, ஏனென்றால் மெய்யெழுத்தின் புள்ளியும் எங்கள் ஸ்கேனில் இப்படித்தான் காணாமல் போகிறது.

வருடி (குன்னூர்)

காசாளர் ஐயாவின் ஒன்பது விதி கையால் பேரேட்டில் பதியும்போது வரும் பிழைகளுக்கு உரியது. மனிதர் 54 என்பதை 45 என்று பதிவார். கட்டத்தை வெட்டிப் படிக்கும் நிரல் இலக்கங்களை இடம் மாற்றுவதில்லை, ஒவ்வொரு இலக்கத்தையும் தன் இடத்திலேயே வைத்துத் தவறாகப் படிக்கிறது. ஆகவே இங்கே பார்க்க வேண்டியது ஒத்த வடிவ இணைகளின் வித்தியாசம். 1-க்கும் 7-க்கும் இடையில் 6, 0-க்கும் 6-க்கும் இடையிலும் 6, 3-க்கும் 8-க்கும் இடையில் 5, 4-க்கும் 9-க்கும் இடையிலும் 5, 5-க்கும் 6-க்கும் இடையில் 1. இவற்றைப் பத்து, நூறு, ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். 1,200 என்பது ஒரே இலக்கம் மாறுவதால் வரக்கூடிய தொகை அல்ல, எனவே குறைந்தது இரண்டு பிழைகள் இருந்தாக வேண்டும். நீங்கள் ஒன்றைக் கண்டுபிடித்த பிறகு மீதி 600 என்பதால், நூறாம் இடத்தில் இன்னொரு 1 ஏழாகியிருக்கலாம், அல்லது 0 ஆறாகியிருக்கலாம். அந்த நாளில் நூறாம் இடத்தில் 7 அல்லது 6 உள்ள சீட்டுகளை மட்டும் முதலில் எடுத்துப் பாருங்கள். 160 தாள்கள் இருபதோ முப்பதோ ஆகிவிடும்.

ஆனால் கூட்டுத்தொகை சரியானால் போதும் என்ற கருத்தை நான் ஏற்க மாட்டேன். ஒரு சீட்டில் 500 கூடி, இன்னொன்றில் 500 குறைந்தால் நாள் மொத்தம் அசையாது, இரண்டு பேருடைய பாஸ்புக் மட்டும் தவறாக இருக்கும். அந்தத் தவற்றை உறுப்பினர் வந்து கேட்கும் வரை யாரும் அறிய மாட்டார்கள். சோதனை சீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். உங்கள் சீட்டில் நோட்டு விவரக் கட்டம் இருக்கிறதா?

ஹட்டி எழுத்தர்

இருக்கிறது. நோட்டின் மதிப்பு அச்சிடப்பட்டிருக்கும். எத்தனை நோட்டு, அதன் தொகை, அடியில் மொத்தம் ஆகியவற்றை உறுப்பினர் எழுதுவார். அதன் கீழே "எழுத்தால்" என்று ஒரு வரி உண்டு. இதுவரை நாங்கள் மொத்தத்தை மட்டுமே எடுத்தோம்.

வருடி

அப்படியானால் கையில் இருக்கும் நல்ல சாட்சியை விட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு வரியிலும் மதிப்பை எண்ணிக்கையால் பெருக்கினால் வரித்தொகை வர வேண்டும், வரித்தொகைகளைக் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். எது பொய்த்தாலும் அந்தச் சீட்டை மனிதர் பார்க்கட்டும். நிரல் தானாகத் திருத்த வேண்டாம், நிறுத்தி வைத்தால் போதும்.

இதைச் செய்யும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். சங்கங்களில் பழைய சீட்டுக்கட்டு தீரும் வரை பயன்படுத்துவார்கள். 2016 நவம்பருக்கு முன் அச்சிட்டதில் 1000 ரூபாய் வரி இருக்கும், அதற்குப் பின் அச்சிட்டதில் 2000 ரூபாய் வரி இருக்கும், 2023-க்குப் பின் அச்சிட்டதில் அதுவும் இல்லாமல் இருக்கலாம். எந்தப் பதிப்புச் சீட்டு என்று தெரியாமல் ஒரே அளவில் கட்டங்களை வெட்டினால் 500 வரியின் எண்ணிக்கையை 200 வரியில் வைத்துப் பெருக்குவீர்கள். அப்போது சரியான சீட்டுகளெல்லாம் பிழையென்று வந்து குவியும்.

இன்னொன்று, தொகைக்குப் பின்னால் போடும் `/-` குறி. அதன் சாய்கோடு பெரும்பாலும் 1 ஆகிவிடும். 1,500 என்பது 15,001 என்று வந்தால் இதுதான் காரணம்.

குறிஞ்சி நிரலர் (கோத்தகிரி)

இவ்வளவு சுற்ற வேண்டுமா? உறுப்பினர் பதிவேடு கையில் இருக்கிறது. வந்த பெயருக்கு மிக நெருக்கமான பெயரைப் பதிவேட்டில் தேடி மாற்றிவிடலாம். தொகையிலும் மாதிரி தரும் நம்பிக்கை மதிப்பு 0.95-க்கு மேல் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். நான் ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டுக்கு இப்படித்தான் செய்தேன், நன்றாகவே ஓடுகிறது.

வருடி

தம்பி, பதிவேட்டில் ஒப்பிட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. "மிக நெருக்கமான பெயர்" என்பதில்தான் ஆபத்து. நெருக்கமான பெயர் எப்போதும் யாராவது ஒருவருடையதாக இருக்கும், புதிய உறுப்பினரின் பெயர் பதிவேட்டில் ஏறாமலே இருந்தாலும் நிரல் வெட்கமின்றி வேறு ஒருவரைக் காட்டும். அம்மாவின் கணக்கில் மகன் பணம் கட்டும்போது செலுத்துபவர் இடத்தில் தன் பெயரை எழுதுவார், அந்தப் பெயரிலும் ஓர் உறுப்பினர் இருக்கக்கூடும். வருகைப் பதிவேட்டில் ஒருவர் மாறிப்போனால் ஆசிரியர் மறுநாள் சரிசெய்வார், இங்கே மாறுவது பணம்.

நம்பிக்கை மதிப்பைப் பொறுத்தவரை, மேல்நுனியில் கொடியும் கீழே அடிக்கோடும் போட்டு 1 எழுதுகிறவரின் ஒன்றைப் பார்த்து மாதிரி மிகுந்த நம்பிக்கையோடு 7 என்றே சொல்லும். அந்த எண் மாதிரிக்குத் தயக்கம் இருந்ததா என்பதை மட்டும் காட்டுகிறது. படித்தது சரியா என்பதை அது காட்டாது.

பெயருக்கு நான் செய்வது வேறு. தமிழ்க் கையெழுத்தில் எவை எவையாக மாறும் என்பது ஓரளவு தெரிந்ததே. "ர" என்ற எழுத்தும் "ா" என்ற காலும் பெரும்பாலோர் கையில் ஒன்றேதான். ஔகாரக் குறியின் பின்பகுதியும் "ள" எழுத்தும் அச்சிலேயே ஒன்றுபோல இருக்கும், கையில் கேட்கவே வேண்டாம். இரண்டு சுழி "ன", மூன்று சுழி "ண" வேகத்தில் ஒன்றாகிவிடும். புள்ளி பறந்துவிடும். உங்கள் பெள்ளிக்கு நடந்தது இவற்றுள் இரண்டு சேர்ந்தது. முதல் ளகரத்தின் புள்ளி போனதும், முன்னால் நின்ற கொம்போடு அந்த ளகரம் சேர்ந்து ஔகாரமாகிவிட்டது. ஆகவே இந்த வேறுபாடுகளை மறைத்து ஒரு சாவியை உருவாக்கி, பதிவேட்டுப் பெயரின் சாவியோடு அதை ஒப்பிடுகிறேன்.

```python
import unicodedata

def key(s):
    s = unicodedata.normalize("NFD", s)
    s = s.replace("\u0bd7", "\u0bb3")  # ௗ -> ள
    s = s.replace("\u0bbe", "\u0bb0")  # ா -> ர
    s = s.replace("\u0ba3", "\u0ba9")  # ண -> ன
    return s.replace("\u0bcd", "")     # புள்ளி
```

NFD என்பதைக் கவனியுங்கள். அது ஒகர ஓகாரக் குறிகளையும் ஔகாரக் குறியையும் உறுப்புகளாகப் பிரித்துவிடுகிறது, அதனால்தான் இவ்வளவு சில வரிகளில் முடிகிறது. பெள்ளி, பௌளி இரண்டுக்கும் இப்போது ஒரே சாவி. கௌடர் என்று ஔகாரத்தோடு தட்டச்சு செய்ததற்கும், கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியாகத் தட்டி "கெளடர்" என்று வைத்திருப்பதற்கும் ஒரே சாவிதான். இரண்டாவது வகை உங்கள் பதிவேட்டிலேயே இருக்கும் என்று நினைக்கிறேன், பார்வைக்குத் தெரியாது. கவுடர் என்று எழுதியது மட்டும் இதில் சிக்காது, அதற்குத் தனியே மாற்றுப்பெயர்ப் பட்டியல் வேண்டும்.

இந்தச் சாவியைப் பதிவேட்டில் சேமிக்கக் கூடாது, ஒப்பிட மட்டுமே பயன்படுத்த வேண்டும். முதல் வேலையாகப் பதிவேடு முழுவதற்கும் சாவி உருவாக்கி, எந்தெந்த உறுப்பினர்கள் ஒரே சாவியில் விழுகிறார்கள் என்று பாருங்கள். அவர்களுடைய சீட்டுகள் எப்போதும் மனிதர் கண்ணுக்குப் போகட்டும். மற்றவர்களுக்குப் பெயரும் உறுப்பினர் எண்ணும் ஒரே ஆளைக் காட்டினால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பிள்ளையார் சுழியால் வந்த 2 இந்த இடத்தில்தான் பிடிபடும், எண் வேறு ஆளைக் காட்டும், பெயர் ஒத்துப்போகாது.

ஹட்டி எழுத்தர்

அம்மா, நன்றி. பதிவேட்டில் சாவி ஓட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே கௌடர் இரண்டு விதமாகத் தட்டச்சாகியிருந்தது. இத்தனை நாள் தேடும்போது சிலர் வராமல் போனதற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது.

முதலெழுத்தில் ஒரு சந்தேகம். ஒரே ஹட்டியில் பெ. நஞ்சன், பே. நஞ்சன், போ. நஞ்சன் மூவரும் இருக்கிறார்கள். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைச் சுழிக் கொம்புக்கும் கையெழுத்தில் வேறுபாடு தெரியவில்லை.

வருடி

அதனால்தான் அந்த இரண்டையும் நான் சாவியில் ஒன்றாக்கவில்லை. ஒன்றாக்கினால் மூவரில் இருவர் ஒருவராகிவிடுவார்கள். மூவரையும் நிரந்தரமாகக் கைச்சோதனைப் பட்டியலில் வையுங்கள். வேறு வழி எனக்குத் தெரிந்து உறுப்பினர் எண் மட்டுமே.

ஸ்கேன் பற்றி ஒரு கேள்வி. நீங்கள் நகல் இயந்திரத்தில் PDF எடுக்கிறீர்களா? 2013-இல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல், சில நகல் இயந்திரங்கள் ஸ்கேன் செய்த தாளில் 6 இருந்த இடத்தில் 8 வைப்பதைக் கண்டுபிடித்தார். JBIG2 என்னும் சுருக்கமுறை ஒத்த வடிவங்களைப் பார்த்து ஒன்றின் படத்தை மற்றொன்றின் இடத்தில் ஒட்டியதுதான் காரணம். சிறிய அச்சு எண்களில் நடந்தது அது, பெரிதாக எழுதும் கையெழுத்தில் அவ்வளவு எளிதில் நடக்காது. ஆயினும் பணச் சீட்டுக்கு இழப்பில்லாத TIFF அல்லது PNG, 300 dpi என்று வைத்துக்கொண்டால் இந்தக் கவலையே வேண்டாம்.

ஹட்டி எழுத்தர்

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். நோட்டு விவரச் சோதனையை எழுதி அந்த நாளின் சீட்டுகளில் ஓட்டினோம். 11 சீட்டுகள் நின்றன. பெரும்பாலானவற்றில் உறுப்பினரே கூட்டலில் தவறியிருந்தார் அல்லது நோட்டு விவரத்தை நிரப்பவே இல்லை. ஆனால் இரண்டு சீட்டுகளைப் பார்த்து வியந்தோம். ஒன்றில் 2,300 என்பதை 2,800 என்று படித்திருக்கிறது. தாளில் 500 ரூபாய் நான்கு, 100 ரூபாய் மூன்று என்று தெளிவாக உள்ளது. இன்னொன்றில் 1,950 என்பது 1,450 ஆகியிருக்கிறது. 500 மூன்று, 200 இரண்டு, 50 ஒன்று. முதலாவதில் 500 கூடுதல், இரண்டாவதில் 500 குறைவு. அம்மா சொன்ன அதே கதை, நாள் மொத்தத்தில் இவை இருந்ததே தெரியவில்லை.

ஆனால் மீதி 600 இன்னும் கிடைக்கவில்லை. சோதனையில் தேறிய சீட்டுகளுக்குள் அது எப்படி இருக்க முடியும்?

ஓய்வுபெற்ற காசாளர்

இரண்டு பிழைகள் ஒன்றையொன்று விழுங்கியதைப் பார்த்த பின் கூட்டுத்தொகை பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். அது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு.

வருடி

ஐயா, அந்த 18-ஆம் பிரிவு 1881-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருப்பது உண்மைதான். அது காசோலை, உறுதிச்சீட்டு போன்ற ஆவணங்களில் தருவதாக ஒப்புக்கொண்ட தொகையைப் பற்றியது. ரொக்கம் கட்டும் சீட்டில் காசாளர் எண்ணி வாங்கிய பணமே உண்மை. எழுத்தில் தவறாக எழுதிவிட்டார் என்பதற்காக இல்லாத நோட்டு வரவாகாது. ஆகவே எழுத்தை வைத்து இலக்கத்தைத் தானாகத் திருத்தும்படி நிரல் எழுதக் கூடாது. ஆனால் நீங்கள் எழுத்தைக் கையில் எடுத்தது சரியான இடம், மீதி 600-க்கு விடை அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். நோட்டு எண்ணிக்கை, வரித்தொகை, மொத்தம் மூன்றையும் எழுதியது ஒரே கை. அந்தக் கையின் 1 ஏழு போல இருந்தால் மூன்று இடத்திலும் ஏழு போலவே இருக்கும். 100 ரூபாய் ஒன்று, தொகை 100 என்று எழுதியது, 100 ரூபாய் ஏழு, தொகை 700 என்று படிக்கப்படும். மொத்தத்திலும் நூறாம் இடத்து 1 ஏழாகும். பெருக்கலும் சரி, கூட்டலும் சரி. மூன்று சாட்சிகள் என்று நாம் நினைத்தது ஒரே சாட்சி மூன்று முறை பேசியது. எழுத்தால் எழுதிய வரி மட்டும் வேறு வடிவங்களால் ஆனது. "நூறு" என்பது எந்தக் கையெழுத்திலும் "எழுநூறு" ஆகாது.

எழுத்து வரியைப் படிப்பது பெயரைப் படிப்பதைவிட எளிது, ஏனென்றால் அங்கே வரக்கூடிய சொற்கள் மிகச் சில. அவற்றோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். மக்கள் எழுதும் விதத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயிரத்து என்பதை ஆயிரத்தி என்றும், முந்நூறு என்பதை முன்னூறு என்றும் பலர் எழுதுவார்கள். எழுபதும் எழுநூறும், தொண்ணூறும் தொள்ளாயிரமும் தலைப்பகுதியில் ஒத்திருப்பதால் அவற்றில் மட்டும் சொல்லின் கடைசிப் பகுதிக்குக் கூடுதல் எடை கொடுங்கள்.

குறிஞ்சி நிரலர்

இது எனக்குத் தோன்றவில்லை, ஏற்றுக்கொள்கிறேன் அக்கா. ஆனால் ஒரே ஆளுடைய பழைய சீட்டுகளை வைத்து அவர் 1 எப்படி எழுதுவார் என்று மாதிரிக்குக் கற்றுக்கொடுக்கலாம் அல்லவா? உறுப்பினர் எண் தெரிந்துவிட்டால் அவருடைய கையெழுத்தும் தெரிந்துவிடும்.

வருடி

செலுத்துபவர் எப்போதும் உறுப்பினராக இருந்தால் செய்யலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வரிசையில் நிற்கும் யாரோ ஒருவர் நிரப்பிக் கொடுப்பார், சில சங்கங்களில் காசாளரே நிரப்புவார். அப்போது அந்தக் கணக்கில் கற்றது இன்னொருவர் கையெழுத்தாகிவிடும். முயன்று பாருங்கள், எனக்கு நம்பிக்கை குறைவு.

ஏழடி இலை

வரிசையில் நிரப்பிக் கொடுக்கும் ஆள் எங்கள் இலைக் கொட்டகையிலும் உண்டு. சீட்டுகளில் பாதி அவர் கையெழுத்துதான். அவருடைய ஒன்றை மட்டும் திருத்தச் சொன்னாலே பாதிப் பிழை போய்விடும் என்று இப்போது தோன்றுகிறது.

ஹட்டி எழுத்தர்

600 ரூபாய் கிடைத்துவிட்டது. சீட்டில் 500 ரூபாய் ஆறு, 100 ரூபாய் ஒன்று. மொத்தம் 3,100. அதைக் கணினி 3,700 என்று படித்திருக்கிறது, நூறு ரூபாய் வரியில் ஏழு நோட்டு, 700 என்று வைத்துக்கொண்டு கணக்கும் நேராக வந்திருக்கிறது. கீழே "மூவாயிரத்தி நூறு மட்டும்" என்று பென்சில் போன்ற மங்கலான மையில் இருக்கிறது. காசாளரிடம் காட்டியபோது, இது வரிசையில் நிரப்பிக் கொடுப்பவர் எழுதியது என்று பார்த்தவுடன் சொன்னார். அவர் கையெழுத்தில் அன்று இன்னும் ஒன்பது சீட்டுகள் இருந்தன, அவற்றில் நூறாம் இடத்தில் 1 வராததால் தப்பித்தோம்.

இனி இலக்கம், நோட்டு விவரம், எழுத்து மூன்றும் ஒத்தால்தான் சீட்டு தானாகப் பதிவாகும். எழுத்து வரி காலியாக இருந்தால், இலக்கங்களில் 1, 7 வரும் சீட்டுகளை மட்டும் நிறுத்துவதா, எல்லாவற்றையும் நிறுத்துவதா என்று செயலாளரோடு இன்னும் முடிவாகவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தினால் நாளொன்றுக்கு நாற்பது தாள் பார்க்க வேண்டியிருக்கும் என்கிறார்.

இன்னொன்றும் மீதம் இருக்கிறது. 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்த பெரியவர்கள் அண்ணாமலை என்று எழுதும்போது பழைய சுழித்த ணாவையும் தும்பிக்கை லையையும் போடுகிறார்கள். எங்கள் மாதிரி இவற்றைப் பார்த்ததே இல்லை. ணாவை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறது, சாவியும் அதைப் பிடிக்கவில்லை. இத்தகைய கையெழுத்து மாதிரிகளைச் சேர்த்து வைத்திருப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எங்களிடம் இதுவரை மூன்று பேருடைய சீட்டுகள்தான் இருக்கின்றன.